மலை முகட்டிற்கு அப்பால் விழும் குண்டு

1999-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை காஷ்மீரத்தின் கார்கில், திராஸ் பகுதிகளில் நடந்த போரில், எதிரிகள் ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையை நோக்கி நிற்கும் சிகரங்களைப் பிடித்துக் கொண்டிருந்தனர். இந்தியப் பீரங்கிகளோ கீழே, பள்ளத்தாக்கில் நின்றன. சிகரங்களின் முன்சரிவில் கற்களை அடுக்கிக் கட்டிய பதுங்குமிடங்கள் கீழிருந்து கண்ணுக்குப் புலப்பட்டன. அவற்றின்மேல் 155 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கிகள் நேரே குறிவைத்துச் சுட்டன. ஆயினும் அப்பதுங்குமிடங்களுக்கு உணவும் குண்டும் வந்து சேர்ந்த பாதைகளும், பின்னால் நின்ற மார்ட்டர்களும் முகட்டிற்கு அப்பால், பின்சரிவில் இருந்தன. நேரே சுடும் குண்டு அங்குச் செல்லாது. அதே பீரங்கியின் குழலை மிக உயர்த்தி, குண்டை வானுக்கு ஏற்றி, மேலிருந்து விழச் செய்யவேண்டும். ஒரே பீரங்கிக்கு இவ்விரு வேலைகளும் ஏன் தேவைப்பட்டன என்பதை விளங்கிக்கொள்ள, பள்ளிக் கணக்கில் வரும் பரவளைவே போதும்.

எறியப்படும் பொருள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பது இரண்டைப் பொறுத்தது: குழலின் வாயை விட்டு வெளிப்படும் வேகம் ஒன்று, தரையோடு குழல் செய்யும் ஏற்றக்கோணம் மற்றொன்று. காற்றின் தடையை விட்டுவிட்டால், R = v² sin 2θ / g என்பது அதன் வாய்ப்பாடு. கோணம் 45 பாகையாகும்போது தொலைவு மிகப் பெரிதாகும். அதைவிடக் குறைந்த தொலைவு எதற்கும் இரண்டு கோணங்கள் உண்டு. 45 பாகைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. இரண்டையும் கூட்டினால் 90 பாகை வரும். கீழ்க்கோணத்தில் எறிந்த குண்டு தாழ்ந்து விரைந்து செல்லும். மேற்கோணத்தில் எறிந்த குண்டு ஓங்கி உயர்ந்து, பின் செங்குத்தாக இறங்கும். விழும் இடம் ஒன்றே, வழிகள்தாம் வேறு.

பழைய களப்பீரங்கி கீழ்வழியை மட்டுமே அறிந்தது. நீண்ட குழல், மிகுந்த வெடிமருந்து, பெரும் வேகம் ஆகியவை அதன் இயல்புகள். குழலை ஓரளவிற்கு மேல் உயர்த்தவும் இயலாது. இந்தியப் படையில் நெடுங்காலம் பயன்பட்ட 130 மில்லிமீட்டர் எம்-46 பீரங்கி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 930 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். குழலோ 45 பாகைக்கு மேல் உயராது. ஹவிட்சர் இதனினும் குட்டையான குழலும் குறைந்த வேகமும் உடையதாய்த் தோன்றியது. அதன் வெடிமருந்து தனித்தனிப் பைகளாக வரும். பைகளைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றலாம். குழலையும் 45 பாகைக்கு மேல் உயர்த்தலாம். மார்ட்டரோ எப்போதும் 45 பாகைக்கு மேலேயே சுடும். போபர்ஸ் பீரங்கி, நீண்ட குழலின் வேகத்தையும் 70 பாகை வரை உயரும் ஹவிட்சரின் இயல்பையும் ஒன்றாகக் கொண்டது.

இவற்றின் வேறுபாடு ஓர் எடுத்துக்காட்டால் தெளிவாகும். பீரங்கிக்கு 5,000 மீட்டர் தொலைவில் 400 மீட்டர் உயரமான மலைமுகடு ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதற்கு அப்பால் 1,000 மீட்டரில், பீரங்கி நிற்கும் அதே மட்டத்தில், எதிரியின் மார்ட்டர் ஒன்று நிற்கிறது. ஆக, இலக்கின் தொலைவு 6,000 மீட்டர். எண்களை எளிதாக்கும் பொருட்டுக் காற்றின் தடை விடப்படுகிறது.

முதலில், நொடிக்கு 600 மீட்டர் வேகமுடைய களப்பீரங்கியை எடுத்துக்கொள்வோம். 6,000 மீட்டருக்கு அது வைக்கவேண்டிய கோணம் 4.7 பாகைதான். அப்பாதையின் உச்சியே 123 மீட்டர். முகடு இருக்கும் இடத்திற்கு வரும்போது குண்டு 70 மீட்டர் உயரத்திலேயே இருக்கும். எனவே அது மலையின் முன்பக்கத்தில் மோதி வெடிக்கும். குழலைச் சற்று உயர்த்தினால் ஆகாதா? முகட்டை உரசிக்கொண்டு தாண்டுவதற்கு 8.5 பாகை வேண்டும். அப்போது குண்டு விழுமிடம் 10,750 மீட்டர் தொலைவிற்குப் போய்விடும். முகட்டிற்கும் அவ்விடத்திற்கும் இடையே ஐந்தே முக்கால் கிலோமீட்டர் நிலம் இப்பீரங்கியின் குறைந்த கோணக் குண்டுகள் எதுவும் தீண்டாத நிலமாகும். முகட்டின் நிழல் போன்ற அந்நிலத்தில் எதிரி அச்சமின்றி இருக்கலாம்.

அடுத்து, வெடிமருந்துப் பைகளைக் குறைத்து நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் சுடும் ஹவிட்சரைப் பார்ப்போம். 6,000 மீட்டருக்கு அதற்கு இரு கோணங்கள் கிடைக்கின்றன: 20.4 பாகை, 69.6 பாகை. முதற்கோணத்தில் சுட்டால் முகட்டருகே குண்டின் உயரம் 310 மீட்டர். அதுவும் மலையில் மோதும். இரண்டாம் கோணத்தில் சுட்டால் குண்டு 4,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. முகட்டை 2,200 மீட்டர் உயரத்தில் கடந்து, ஏறக்குறைய 70 பாகைச் சரிவில் இலக்கின்மேல் இறங்குகிறது.

இதனின்று பெறப்படும் விதி எளியது. முகட்டிலிருந்து இலக்கு வரை ஒரு நேர்கோடு இழுத்தால் அது தரையோடு ஒரு கோணம் செய்யும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது ஏறக்குறைய 22 பாகை. குண்டு விழும் கோணம் அதைவிடப் பெரிதாயிருந்தாலன்றி இலக்கை எட்டாது. இமயமலையின் பின்சரிவுகள் பல இதனினும் செங்குத்தானவை. அங்கே 45 பாகையில் விழும் குண்டும் போதாத இடங்கள் உண்டு. உண்மையில் காற்றின் தடையால் குண்டு ஏறிய கோணத்தைவிடச் சற்றுச் செங்குத்தாகவே இறங்கும்; தொலைவும் குறையும். கணக்கின் எண்கள் இதனால் மாறுமேயன்றி விதி மாறாது.

அங்ஙனமாயின், எப்போதும் உயர்கோணத்திலேயே சுட்டால் என்ன என்னும் வினா எழும். அதற்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது. மேற்கண்ட களப்பீரங்கியின் குண்டு இலக்கை அடைய 10 நொடி ஆகும். உயர்கோணக் குண்டிற்கோ 57 நொடி ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி அந்நேரத்தில் 570 மீட்டர் சென்றுவிடும். எனவே நகரும் இலக்கிற்கு உயர்கோணம் பயனற்றது. அந்த 57 நொடியும் குண்டு காற்றின் கையில் இருக்கிறது. தரையில் அசைவற்றிருக்கும் காற்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் வேகமாக வீசலாம். ஆகவே உயர்ந்த அடுக்குகளின் காற்றையும் வெப்பத்தையும் பலூன் விட்டு அளந்து, அதற்கேற்பத் திருத்திய பின்னரே சுடவேண்டும். மலைப்பகுதியில் மற்றொரு திருத்தமும் சேர்கிறது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். சமவெளியில் வகுத்த அட்டவணையை அப்படியே நம்பிச் சுட்டால் குண்டு இலக்கைத் தாண்டிச் சென்று விழும்.

நோக்கர் சொல்லும் திருத்தத்திலும் ஒரு பொறி உண்டு. குண்டு இலக்கிற்கு முன்னே விழுந்தால், கீழ்க்கோணத்தில் சுடுவோர் குழலை உயர்த்தவேண்டும். உயர்கோணத்திலோ தாழ்த்தவேண்டும், ஏனெனில் 45 பாகைக்கு மேல் குழல் உயர உயரத் தொலைவு குறையும். பழக்கத்தால் கையை மறந்து மேலே திருப்பினால், குண்டு இன்னும் அருகே, சில வேளை தம் படையினர் மேலேயே விழும். திருத்தம் சொன்ன திசைக்கு எதிராக அடுத்த குண்டு நகர்ந்தால், நிகழ்ந்த பிழை இதுவாக இருக்கலாம் என்று உடனே ஐயுறவேண்டும்.

குண்டின் வடிவமும் கோணத்திற்கு ஓர் எல்லை வகுக்கிறது. வரிக்குழலிலிருந்து வெளிப்படும் குண்டு பம்பரம்போல் சுழல்வதால் நிலைபெறுகிறது. ஏற்றக்கோணம் ஏறக்குறைய 70 பாகையைத் தாண்டினால், உச்சியில் குண்டு தன் மூக்கைத் திருப்பிப் பாதையைப் பின்பற்ற இயலாமற் போகும்; அடிப்பக்கம் முன்னாக விழுந்து, மூக்கிலுள்ள ஃப்யூஸ் வெடிக்காமலும் போகலாம். மார்ட்டர் குண்டிற்கு இத்தொல்லை இல்லை. அதன் வாலில் உள்ள சிறகுகள் அதை எப்போதும் மூக்கு முன்னாகத் திருப்பிவிடும். எனவேதான் மார்ட்டர் 80 பாகை வரையிலும் சுட வல்லது.

குழலை உயர்த்தும்போது எதிருதைப்பும் தரையை நோக்கித் திரும்புகிறது. பீரங்கிக் குழலின் பின்முனை நிலத்தில் இடிக்காதபடி, குழல் பின்வாங்கும் நீளத்தைக் குறைக்கும் அமைப்பு வேண்டும். இல்லையேல் அடியில் குழி தோண்டவேண்டும். மார்ட்டரோ உதைப்பை அடித்தட்டு வழியாக நேரே மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் அது இலேசாகவும் மலிவாகவும் அமைந்து, பீரங்கி ஏற முடியாத மலைப்பாதையில் தோளில் ஏறிச் செல்கிறது. ஆனால் மண் இளகியிருந்தால் முதற் சில குண்டுகளில் தட்டு புதையும், பாறையானால் துள்ளும். இரண்டிலும் குறி மாறும். தட்டு உறுதியாகப் படியும்வரை விழும் குண்டுகளின் இடத்தை நம்பித் திருத்தம் செய்வது வீண்.

விழும் விதத்தால் சிதறல்களின் போக்கும் மாறுகிறது. தாழ்வாக வரும் குண்டு வெடிக்கும்போது அதன் சிதறல்களில் பெரும்பகுதி மண்ணிலும் வானிலும் வீணாகின்றன. செங்குத்தாக விழும் குண்டின் சிதறல்கள் நாற்புறமும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகின்றன. எனவே அகழியில் இருப்போர்க்கு உயர்கோணக் குண்டே கொடியது. ஆயினும் முன்சரிவில் உள்ள கற்சுவரின் துளையை உடைப்பதற்குத் தாழ்ந்து விரைந்து வரும் குண்டே ஏற்றது. கார்கில் போரில் ஒரே பீரங்கி இருவகையாலும் பயன்பட்டது இக்காரணத்தாலேயே.

பள்ளி முற்றத்தில் இதைக் காட்டுவதற்குத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய் ஒன்று போதும். நீரின் அழுத்தத்தை மாற்றாமல் குழாய்முனையை ஏறக்குறைய 30 பாகையில் பிடித்து, நீர் விழுமிடத்தில் ஒரு வாளியை வைக்கவேண்டும். பின்னர் முனையை 60 பாகைக்கு உயர்த்தினால் நீர் மீண்டும் அவ்வாளிக்கு அருகிலேயே விழும். இப்போது வாளிக்குச் சற்று முன்னே ஒரு பலகையை நிறுத்தினால், தாழ்ந்த தாரை பலகையில் மோதி நிற்கும். உயர்ந்த தாரை அதைத் தாண்டி வாளியை நிரப்பும். முனையை மேலும் உயர்த்தச் சொன்னால், நீர் தொலைவாகப் போகாமல் தங்களை நோக்கி நெருங்கி வருவதையும் மாணவர் காண்பர். நோக்கரின் திருத்தம் உயர்கோணத்தில் தலைகீழாவதன் காரணம் அப்போது தானே விளங்கும்.