படர்தாமரைக்கு எந்தக் களிம்பு? எத்தனை நாள்?

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதன்பின் நம் ஊர் ஆட்கள் பலர் வேலைக்குப் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். இரவுதான் வீடு திரும்புகிறார்கள். காவலாளி வேலை, தையல் வேலை, கட்டட வேலை என்று பலவகை வேலை. நாள் முழுவதும் ஒரே பேண்ட், ஒரே ஜட்டி. வியர்வை காய நேரம் இல்லை.

இப்படி வியர்வை தங்கும் இடத்தில் வருவதுதான் படர்தாமரை. தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள், மார்பின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் அதிகம் வரும். வட்டமாகச் சிவந்து படரும். வட்டத்தின் ஓரம் மேடாக இருக்கும். அதில் செதில் உதிரும். நடுப்பகுதி ஆறியதுபோல் தெரியும். அரிப்பு தாங்காது.

இது புழுவால் வருவதல்ல. கெட்ட ரத்தத்தால் வருவதும் அல்ல. பூஞ்சைக் காளான் என்ற கிருமியால் வருகிறது. பழைய ஊறுகாயில் பூக்கிறதே, அந்தப் பூஞ்சையின் இனம்தான் இதுவும். இது தோலின் மேல்பகுதியைத் தின்று வாழ்கிறது.

"அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க"

தொடை இடுக்கில் அரிப்பு என்றால் டாக்டரிடம் காட்டக் கூச்சம். நேராக மருந்துக் கடைக்குப் போகிறோம்.

"அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்கண்ணா" என்கிறோம்.

"இதப் போடு தம்பி, ரெண்டே நாள்ல நின்னுடும்" என்று ஒரு ட்யூப் தருகிறார்கள்.

சொன்னபடியே இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது. சிவப்பும் மங்குகிறது. களிம்பை நிறுத்துகிறோம். பத்து நாளில் மறுபடியும் வருகிறது. இந்த முறை இன்னும் பெரிதாக வருகிறது. மறுபடியும் அதே ட்யூப். இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? அந்த ட்யூப்பில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையை எதிர்த்துத் தோல் போராடுகிறது. அந்தப் போராட்டம்தான் அரிப்பும் சிவப்பும். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. வீட்டில் திருடன் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுவதுபோல்தான் இது. சத்தம் நின்றுவிடும். திருடன் உள்ளேயே இருப்பான்.

ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள்

ட்யூப்பில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சையைக் கொல்லும் நல்ல மருந்து. க்ளோபெட்டசால் என்பது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டும் 'க்ளோ' என்றுதான் தொடங்கும். அவசரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பெயரின் நடுப்பகுதியைக் கவனித்துப் படியுங்கள். 'ட்ரி' வந்தால் வாங்கலாம். 'பெட்டா' வந்தால் வேண்டாம்.

பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களும் ஸ்டீராய்டுதான். சில ட்யூப்பில் மூன்று நான்கு மருந்து கலந்திருக்கும். பூஞ்சை மருந்து ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, வேறு கிருமி மருந்து ஒன்று என்று இருக்கும். மருந்து கூடினால் பலன் கூடும் என்று நினைக்காதீர்கள். படர்தாமரைக்கு ஒரே ஒரு மருந்து உள்ள ட்யூப்தான் வேண்டும். க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. அதனால் நாம்தான் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் மட்டும் இருக்கிற க்ரீம் குடுங்க. வேற எதுவும் கலந்திருக்கக் கூடாது."

க்ளோட்ரிமசோலைக் காலை, இரவு இரண்டு வேளையும் போட வேண்டும். லுலிகோனசோல் 1 சதவீதம் என்று இன்னொரு மருந்து உண்டு. விலை கூடுதல். ஆனால் ஒரு வேளை போட்டால் போதும். டெர்பினாஃபின் என்ற மருந்தும் பல காலமாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் பரவியுள்ள புதுவகைப் பூஞ்சை பல நேரம் அதற்கு அடங்குவதில்லை. அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் தனிப் பெயரே வைத்தார்கள். இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடம் அதைக் கண்டதால், பெயரிலேயே நம் நாடு வருகிறது.

எப்படிப் போடுவது?

முதலில் குளித்து, ஈரத்தை நன்றாகத் துடையுங்கள். தொடை இடுக்கில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை களிம்பு பூச வேண்டும். ஏனென்றால் பூஞ்சை ஓரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் வெளியேயும் பரவி இருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

எவ்வளவு களிம்பு? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை களிம்பைப் பிதுக்குங்கள். அது அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும்.

எத்தனை நாள்?

அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. செதில் போக வேண்டும். ஓரத்து மேடு போக வேண்டும். எல்லாம் போனபிறகும் இன்னும் இரண்டு வாரம் போட வேண்டும். தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கொஞ்சம் பூஞ்சை மீதி இருக்கும். அதைத் தீர்க்கத்தான் இந்த இரண்டு வாரம்.

ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு இருக்கும். அது நோய் அல்ல. தடவிப் பாருங்கள். மேடு இல்லை, செதில் இல்லை, அரிப்பு இல்லை என்றால் அது வெறும் நிறம்தான். சில மாதத்தில் மங்கும்.

ஒரு கணக்கு

ஒரு காவலாளி அண்ணனை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு தொடை இடுக்கிலும் படர்தாமரை. இடுப்பிலும் ஒரு வட்டம். ஓரத்தையும் சேர்த்தால் மொத்தம் மூன்று உள்ளங்கை அளவு. ஒரு வேளைக்கு ஒன்றரை விரல்நுனிக் களிம்பு வேண்டும். அதாவது முக்கால் கிராம். இரண்டு வேளைக்கு ஒன்றரை கிராம்.

கடையில் 15 கிராம் ட்யூப் வாங்குகிறார். அது பத்து நாளில் தீர்ந்துவிடும்! அதற்குள் அரிப்பு நின்றிருக்கும். "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவார். பலர் தோற்பது இந்தப் பத்தாவது நாளில்தான்.

அவருக்கு மூன்று வாரத்தில் செதிலும் மேடும் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலும் இரண்டு வாரம் போட வேண்டும். ஆக ஐந்து வாரம், அதாவது 35 நாள். தேவையான களிம்பு ஐம்பத்து இரண்டரை கிராம். 15 கிராம் ட்யூப் நான்கு வேண்டும்.

லுலிகோனசோல் என்றால் ஒரு வேளைதான். 35 நாளுக்கு 26 கிராம்தான் ஆகும். இரண்டு ட்யூப் போதும். எனவே ஒரு ட்யூப் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு ட்யூப்பின் விலையையும் இரண்டு ட்யூப்பின் விலையையும் கேட்டு, குறைந்ததை வாங்குங்கள். ஜன ஔஷதி கடை பக்கத்தில் இருந்தால் அங்கே முதலில் விசாரியுங்கள். அங்கே விலை குறைவு.

வீட்டில் என்ன செய்வது?

லைன் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். ஒரே துண்டு, ஒரே போர்வை. ஒருவர் குணமானாலும் இன்னொருவரிடமிருந்து திரும்ப வரும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு வேண்டும். ஜட்டி, பாவாடை, துண்டு இவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். காயாத ஜட்டியைப் போடாதீர்கள். இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிறு ஈரத்தைத் தாங்கி நிற்கும். குணமாகும் வரை அதைக் கழற்றி வையுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் போக வேண்டும். உடம்பில் பல இடத்தில் பரவியிருந்தாலும், தலையிலோ நகத்திலோ முகத்திலோ இருந்தாலும் போக வேண்டும். அங்கே களிம்பு மட்டும் போதாது. மாத்திரை தேவைப்படும். அந்த மாத்திரையைக் கடையில் தானாக வாங்கக் கூடாது. சில மாத்திரை ஈரலைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும், குழந்தைகளும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் தொடக்கத்திலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பைப் பல வாரம் போட்டவர்களும் போக வேண்டும். வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறதா? தோல் மெலிந்து பளபளக்கிறதா? தொடை இடுக்கில் கோடு கோடாக வெடித்திருக்கிறதா? இவை ஸ்டீராய்டின் அடையாளங்கள். அந்தக் கோடுகள் முழுவதும் மறையாது. அதை நிறுத்தினால் சில நாள் அரிப்பும் சிவப்பும் கூடும். பயந்து மறுபடியும் அதே ட்யூப்பை எடுக்காதீர்கள். பழைய ட்யூப்பைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். கூச்சம் வேண்டாம். தோல் டாக்டருக்கு இது தினமும் பார்க்கும் நோய்.

இன்னும் ஒன்று. திட்டு இருக்கிறது, ஆனால் அரிப்பு இல்லை, கிள்ளினாலும் தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். களிம்பு போட்டு நாளைக் கடத்தாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள களிம்பு ட்யூப்பை எடுங்கள். சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களை நோட்டில் எழுதுங்கள். எத்தனை மருந்து இருக்கிறது?

2. ஓர் அக்காவுக்கு இடுப்பில் இரண்டு உள்ளங்கை அளவு படர்தாமரை. க்ளோட்ரிமசோல் இரண்டு வேளை போடுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஆகும்? 15 கிராம் ட்யூப் எத்தனை நாள் வரும்?

3. அவருக்கு இரண்டு வாரத்தில் செதிலும் மேடும் போய்விட்டன. இன்னும் எத்தனை நாள் போட வேண்டும்? மொத்தம் எத்தனை ட்யூப் வேண்டும்?