பத்தாம் எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சிற்றூர் ஒன்றில் இருக்கும் மருந்துக்கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் பில் போட ஒரு லேப்டாப், உத்தரத்தில் நான்கு கேமரா, அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, மூலையில் ஒரு வைஃபை ரவுட்டர். கடைக்காரர், ஊழியர்கள் ஆகியோரின் போன்களும் அதே வைஃபையில்தான். எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. திடீரென்று ஒருநாள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெட் அறுந்து போகிறது. ஒரு நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் போகிறது. வைஃபை அடையாளம் மட்டும் முழுதாக நிற்கிறது. வீட்டிலிருந்து போனில் கேமராவைப் பார்த்தால் அந்தப் படமும் விட்டுவிட்டு உறைகிறது. நெட் கொடுத்தவரை அழைத்தால் அவர் வந்து சோதித்துப் பார்த்து, லைன் சரியாக இருக்கிறது என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.

கோளாறு கடைக்குள்ளேயே இருக்கிறது. லேப்டாப்பும் டிவிஆரும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு ரவுட்டரின் கீழ் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.10 என்பதுபோல ஓர் ஐபி முகவரி வேண்டும். முதல் மூன்று எண்கள் அந்தக் கடையில் எல்லாருக்கும் பொது. கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறும். இதைப் பங்கிட்டுத் தருவது ரவுட்டரின் வேலை. அதற்கான முறையை டிஹெச்சிபி என்கிறார்கள். 1993-இல் அதன் முதல் விதிமுறையை எழுதியவர் ரால்ஃப் டிராம்ஸ். வைஃபையில் புதிதாகச் சேரும் லேப்டாப்புக்கு ரவுட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் ‘முகவரி தருகிறவர் யாராவது உண்டா?’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவுகிறது. ரவுட்டர், ‘10 காலியாக இருக்கிறது, வேண்டுமா?’ என்கிறது. ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்று லேப்டாப் கேட்க, ‘சரி, 24 மணி நேரத்துக்கு உனக்கு’ என்று ரவுட்டர் உறுதி செய்கிறது. நாலே பேச்சு, பெரும்பாலும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும்.

கடைசியில் சொன்ன அந்தக் கெடு முக்கியமானது. முகவரி யாருக்கும் நிரந்தரமில்லை, லாட்ஜ் அறை மாதிரி. கெடுவில் பாதி, அதாவது 12 மணி நேரம் போனதும் லேப்டாப் ரவுட்டரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். கடையை விட்டுப் போனவர் புதுப்பிக்க மாட்டார். கெடு தீர்ந்ததும் அந்த எண் வேறொருவருக்குப் போகும். யாருக்கு எந்த எண், எதுவரை என்பதை ரவுட்டர் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் தன்னிடம் வந்து கேட்டவர்களின் கணக்கு மட்டும்தான்.

டிவிஆர் வந்து கேட்கவில்லை. கேமரா பொருத்த வந்தவர், போனில் எப்போதும் ஒரே முகவரியில் படம் தெரியட்டும் என்று டிவிஆரின் மெனுவுக்குள் போய் 192.168.1.10 என்று கையாலேயே போட்டுவிட்டுப் போனார். அதில் தவறில்லை, கேமரா, பிரிண்டர் போன்றவற்றுக்கு முகவரி மாறாமல் இருப்பதுதான் வசதி. ஆனால் ரவுட்டரோ 2 முதல் 254 வரை எல்லா எண்களையும் தன் கையிருப்பாகவே வைத்திருந்தது. 10 என்ற எண்ணில் ஓர் ஆள் குடியிருப்பது அதன் பதிவேட்டில் இல்லை.

அப்படியானால் எட்டு மாதம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இந்த ரவுட்டர் எண்களைக் கீழிருந்து வரிசையாகக் கொடுக்கும் வகை. ஆரம்பத்தில் நாலைந்து போன்கள்தான்; 2, 3, 4 என்று போய் 6-இல் நின்றது. புது ஊழியர்கள் சேர்ந்தார்கள், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று வந்தது. வரிசை மெதுவாக நகர்ந்து 10-ஐத் தொட்டது.

அப்போதும்கூட இரண்டு காவல்கள் உண்டு. பல ரவுட்டர்கள் ஓர் எண்ணைக் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் கொடுக்காது. வாங்குகிற கருவியும் ‘10-இல் யாராவது இருக்கிறீர்களா?’ என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் குடியேற வேண்டும் என்பது விதி. யாராவது குரல் கொடுத்தால் முகவரியை மறுத்துவிட்டு வேறு எண் கேட்கும். ஸ்டூவர்ட் செஷயர் எழுதி 2008-இல் வெளியான விதிமுறை அது.

நம் மருந்துக்கடையில் இரண்டு காவலும் காலை எட்டரை மணிக்குத் தோற்றன. கடையைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட்டதும் ரவுட்டரும் லேப்டாப்பும் விரைவில் தயாராகிவிடுகின்றன. டிவிஆர் தன் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து எழுந்திருக்க இன்னும் சற்று நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் 10-ஐக் கூப்பிட்டால் பதில் சொல்ல யாருமில்லை. ரவுட்டர் கொடுத்தது, லேப்டாப் வாங்கிக்கொண்டது. பிறகு விழித்தெழுந்த டிவிஆர் யாரையும் கேட்காமல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விதி அதற்கும் உண்டு என்றாலும் மலிவான பெட்டிகள் பல அதைப் பொருட்படுத்துவதில்லை.

இனி நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐபி முகவரியை வைத்துக்கொண்டு ரவுட்டரால் எதையும் நேரடியாகக் கொண்டுசேர்க்க முடியாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் இட்டு அனுப்பிய மேக் முகவரி என்ற அடையாளம் ஒன்று இருக்கிறது. கடைசிக் கட்ட விநியோகம் அதை வைத்துத்தான். ஆகவே 10-க்குப் பொட்டலம் வந்தால் ரவுட்டர், ‘192.168.1.10 யார்?’ என்று கூவும். ‘நான்தான்’ என்று வரும் பதிலில் இருக்கும் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு அனுப்பிவைக்கும். ஏஆர்பி என்ற இந்த முறையை டேவிட் பிளம்மர் 1982-இல் வகுத்தார். ‘நான்தான்’ என்கிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்க்க அதில் வழியே இல்லை.

இங்கே இரண்டு பேர் ‘நான்தான்’ என்கிறார்கள். பெரும்பாலும் கடைசியாகக் காதில் விழுந்த பதில் முன்னதை அழித்துவிடும். லேப்டாப்பின் பெயர் பதிவாகியிருக்கும்வரை பில் தடையில்லாமல் ஓடுகிறது, கேமரா படம் உறைகிறது. குறிப்பு காலாவதியாகி மறுபடி கேட்கும்போது டிவிஆர் முந்திக்கொண்டால், வெளியே இருக்கும் சர்வரிலிருந்து லேப்டாப்புக்கு வந்த பதில் டிவிஆரின் மடியில் விழுகிறது. டிவிஆர் அந்த சர்வரோடு பேசியதே இல்லை. தெரியாத இணைப்பில் ஏதாவது வந்தால் ‘அப்படி ஓர் இணைப்பே இல்லை, முடித்துக்கொள்’ என்று திருப்பி அனுப்புவதுதான் கணினிகளின் வழக்கம். அந்த மறுப்பும் 10 என்ற அதே முகவரியிலிருந்துதான் போகிறது. சர்வர் அதை லேப்டாப் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. நெட் வேகம் குறைவதற்குப் பதிலாகப் பட்டென்று அறுபடுவதற்குக் காரணம் இதுதான். குறிப்பு மாற எடுக்கும் நேரம் நொடிகளிலும் இருக்கலாம், நிமிடங்களிலும் இருக்கலாம். அதனால்தான் வருவதும் போவதும் ஓர் ஒழுங்கில் சிக்குவதில்லை.

இந்தச் சண்டை தானாகத் தீரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரத்தில் லேப்டாப் புதுப்பிக்க வரும்போது, பதிவேட்டின்படி 10 அதற்கே உரியது என்பதால் ரவுட்டர் தயங்காமல் நீட்டித்துத் தருகிறது. லேப்டாப்பை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுவதும் உண்டு. இப்போது டிவிஆர் விழித்திருப்பதால் அதன் குரல் கேட்டு லேப்டாப் ஒதுங்கி 11-க்குப் போய்விடும். ஆனால் இன்னொரு காலையில் அதே 10 ஓர் ஊழியரின் போனுக்குக் கிடைக்கும். பாதிக்கப்படுகிறவர் மாறிக்கொண்டே இருப்பதால் பழி லேப்டாப் மேல், போன் மேல், நெட் கொடுத்தவர் மேல் என்று அலைகிறது. மாட்டிக்கொள்ளாமல் இருப்பது டிவிஆர் மட்டும்தான்.

கையும் களவுமாகப் பிடிப்பது கடினமில்லை. சில நேரம் விண்டோஸே முகவரி மோதல் என்று எச்சரிக்கை காட்டிவிடும். காட்டாவிட்டால், பிரச்சினை இருக்கும் லேப்டாப்பில் `ipconfig` என்று தட்டி அதன் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் வைஃபையை அணைத்துவிட்டு, அதே ரவுட்டரில் இருக்கும் இன்னொரு கணினியில் இப்படித் தட்டுங்கள்:

```
arp -d 192.168.1.10
ping 192.168.1.10
arp -a
```

முதல் வரி பழைய குறிப்பை அழிக்கிறது. விண்டோஸில் இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்த கருப்புத் திரை வேண்டும். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் பிங்குக்குப் பதில் வந்தால் அங்கே வேறொருவர் இருக்கிறார். பதில் வரவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று பூட்டி வைத்த கருவியும்கூட ‘10 யார்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே மூன்றாவது வரி காட்டும் பட்டியலில் 10-க்கு எதிரே ஒரு மேக் முகவரி இருந்தால் அதுதான் ஆள். டிவிஆரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்களுக்கு நடுவே ஒன்றில் சிறு கோடும் மற்றதில் முக்காற்புள்ளியும் இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தீர்வு டிவிஆரைத் தொடாமலேயே முடியும். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து `DHCP` பகுதியில் தொடக்க எண்ணை 192.168.1.100 என்றும் முடிவை 192.168.1.199 என்றும் மாற்றுங்கள். நூறு கருவிகள் ஒரு கடைக்குத் தாராளம். நூறுக்குக் கீழே இருப்பவை இனி கையால் போடும் முகவரிகளுக்கு மட்டும். பிரிண்டருக்கு 11, அடுத்ததற்கு 12 என்று ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் மேலேயே ஒட்டிவிடலாம். மாற்றியதும் எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண்ணைக் கெடு தீரும்வரை பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழி `Address Reservation`. டிவிஆரில் கையால் போட்டதை எடுத்துவிட்டுத் தானாகவே வாங்கும்படி விட்டு, இந்த மேக் முகவரிக்கு எப்போதும் 10 என்று ரவுட்டரிலேயே எழுதிவைப்பது. எனக்கு இதுவே மேல் என்று படுகிறது, எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருப்பதால். போன்களுக்கு மட்டும் இது சரிப்படாமல் போகலாம்: இன்றைய போன்கள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுகின்றன, அது மாறிவிட்டால் ஒதுக்கீடும் போய்விடும்.

கையால் போட்ட முகவரி எதுவுமே இல்லாத வீடுகளிலும் இதே கோளாறு வருவதுண்டு. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டரைக் கொண்டுபோய்க் கேபிளில் இணைத்திருப்பார்கள். இப்போது எண் கொடுக்க இரண்டு பேர், இரண்டு பதிவேடு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு ரவுட்டர்களுமே 192.168.1.1 என்ற முகவரியோடு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், வீட்டின் வாசலே இரண்டாகிவிடும், எல்லாக் கருவிகளும் ஒருசேரத் தடுமாறும். கேபிளைச் செருகுவதற்கு முன்பே பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் `DHCP` வேலையை நிறுத்திவிட்டு, `WAN` துளையை விட்டு `LAN` துளை ஒன்றில் கேபிளைச் செருக வேண்டும். கீழே இருக்கும் ரவுட்டரின் எண் வரிசையும் 2-ஐ விட்டுத்தான் தொடங்க வேண்டும்.