மாமாவின் தலை எங்கே?

போன மாதம் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி அலமாரியின் மேல் புதிதாக ஒரு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம். டல்லாஸில் இருக்கும் அத்தான் அங்கேயே வாங்கி, படங்களை ஏற்றி, செட்டிங்ஸ் எல்லாம் போட்டுக் கொண்டுவந்தது. இங்கே வைஃபையில் மட்டும் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அத்தைக்கு அதில் இரண்டு குறை.

"ஏல, இது பகல் பூரா தூங்குது, ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்கு" என்றாள். இரண்டாவது குறையை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மாலையில் ஃபிரேம் விழித்ததும், குறிப்பிட்ட படம் வரும்வரை காத்திருந்து கையை நீட்டிக் காட்டினாள். மாமா. ஸ்டூடியோவில் நின்றபடி எடுத்துக்கொண்ட முழு உருவப் படம். சட்டையின் இரண்டாவது பொத்தானிலிருந்து முழங்கால்வரை இருந்தார். தலை இல்லை. மாமா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் அப்படி ஒரு படம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்துபோவதை நினைத்துப் பாருங்கள்.

முதல் குறை எளிதில் பிடிபட்டது. ஃபிரேமின் திரை இரவு 11 மணிக்கு அணைந்து காலை 7 மணிக்கு எரியும்படி நேரம் வைத்திருந்தது. நேரத்தில் தப்பில்லை, அது டல்லாஸ் நேரம் என்பதுதான் தப்பு. அங்கே கோடைக்கால நேரம் ஓடும் மாதங்களில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்களின் இரவு 11 நமக்கு மறுநாள் காலை 9:30. அவர்களின் காலை 7 நமக்கு மாலை 5:30. ஆக, அத்தை சமையலை முடித்து உட்காரும் நேரத்தில் ஃபிரேம் தூங்கப் போய், அவள் விளக்கேற்றும் நேரத்தில் எழுந்து, விடிய விடியக் கூடத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. வைஃபை கிடைத்தால் ஃபிரேம் சரியான நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த ஊர் நேரமாக அதைக் காட்டுவது என்பதைப் பல ஃபிரேம்களில் நாம்தான் சொல்ல வேண்டும். நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெளிநாட்டிலிருந்து பரிசாக வரும் ஃபிரேம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதே மாதிரி நேரம் தலைகீழாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஃபிரேம்கள் திரை எரிய வேண்டிய நேரத்தைக் கேட்கும், சில தூங்க வேண்டிய நேரத்தைக் கேட்கும். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டால் ராத்திரியும் பகலும் இடம் மாறிவிடும். நாம் போட்ட அதே மணிக்குத் துல்லியமாக நேரெதிராக நடந்தால் இதுதான் காரணம். ஒரே சீராகச் சில மணி நேரம் தள்ளி நடந்தால் நேர மண்டலம். மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் குழம்பினால், உள்ளே பேட்டரி இல்லாத ஃபிரேம் வைஃபை இல்லாமல் மணியை மறந்திருக்கிறது.

மாமாவின் தலைக்குத்தான் நேரம் பிடித்தது.

அத்தையின் ஃபிரேம் 10 அங்குலம், 1280க்கு 800 பிக்சல், படுக்கைவாட்டில் இருக்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படம் பொதுவாக மூன்றுக்கு நாலு என்ற விகிதத்தில் இருக்கும். அகலம் மூன்று பங்கு, உயரம் நாலு பங்கு. ஸ்டூடியோ படத்தையும் அத்தான் அப்படித்தான் போனில் எடுத்திருந்தார். படுத்த திரையில் நின்ற படத்தைக் காட்ட ஃபிரேமுக்கு இரண்டே வழி. திரையை இடமே விடாமல் நிரப்ப வேண்டும் என்றால் படத்தின் அகலத்தை 1280க்கு இழுக்கும். உயரம் தானாக 1707 ஆகிவிடும். திரையில் இருப்பதோ 800. மீதி 907 பிக்சல் வெட்டுப்பட்டே ஆக வேண்டும், அதாவது படத்தில் பாதிக்கு மேல். படத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாத ஃபிரேம் நடுவில் நிறுத்தி, மேலும் கீழும் சமமாக வெட்டுகிறது. நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்குத் தலை எப்போதும் மேல் கால்வாசிக்குள் இருக்கும். வெட்டு விழுவதும் சரியாக அந்தக் கால்வாசியில்தான்.

இந்த முறைக்கு மெனுவில் Fill என்று பெயர். மற்றொன்று Fit. இதில் படத்தின் உயரத்தை 800க்கு அடக்குவதால் அகலம் 600 ஆகிறது. எதுவும் வெட்டுப்படாது, பதிலுக்கு இரண்டு பக்கமும் 340 பிக்சல் காலியாக நிற்கும். Fillஇல் படத்தில் பாதிக்கு மேல் போகிறது, Fitஇல் திரையில் பாதிக்கு மேல் போகிறது. கணக்கு இரண்டிலும் ஒன்றே, எதை இழக்கிறோம் என்பதுதான் வேறு. Fit போட்டேன். மாமாவுக்குத் தலை வந்தது, செருப்பும் வந்தது. காலி இடத்தை என்ன செய்வது என்பதற்கும் ஃபிரேமில் ஒரு செட்டிங் இருந்தது. அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாகப் பின்னால் விரிப்பது அதில் முதல் தேர்வு. கம்பெனிக்காரர்களுக்கு அது அழகு போலும். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பின்னால யாரு, இன்னொரு மாமாவா?" என்றாள். கறுப்புக்கு மாற்றினேன்.

ஆனால் அடுத்த படத்தில் பேத்தியின் உச்சந்தலை மெல்ல மேலே போய் மறைந்தது. Fitதான் போட்டிருக்கிறது, பின்னே எப்படி? படம் அசையாமல் இருந்தால் சலிக்கும் என்று, நகர்த்திக்கொண்டும் பெரிதாக்கிக்கொண்டும் காட்டும் ஒரு விளைவு பல ஃபிரேம்களில் உண்டு. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் பழைய போட்டோக்களைத் தன் படங்களில் அப்படிக் காட்டிப் பிரபலமாக்கியதால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பெரிதாக்கும்போது ஓரங்கள் திரைக்கு வெளியே போகத்தானே செய்யும். அதை அணைத்து, படம் மாறும் விதத்தைச் சாதாரணமாக வைத்தேன்.

இதற்குப் பிறகும் சில படங்கள் வெட்டுப்பட்டே வந்தன. இங்கேதான் பலரும் ஃபிரேமைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். நான் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, நாலு மூலையிலும் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதி, தாள் ஓரம்வரை திரையை அடைக்கும்படி போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். அதை ஃபிரேமின் ஆப் வழியாக அனுப்பினேன். நாலு எண்ணும் தெரிந்தால் வெட்டு இல்லை. ஃபிரேமில் 3-உம் 4-உம் மட்டும் முழுதாக வந்தன. அனுப்பும்போதே ஆப் திரையில் ஒரு கட்டம் காட்டி, அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் அனுப்பியிருக்கிறது. நான் கவனிக்காமல் அழுத்தியிருக்கிறேன். அத்தானும் அப்படியே செய்திருப்பார். வெட்டி அனுப்பிய படத்துக்கு ஃபிரேமில் எதை மாற்றினாலும் தலை முளைக்காது. அந்தக் கட்டத்தைப் படம் முழுவதற்கும் விரித்து மறுபடி அனுப்பியபோது நாலு எண்ணும் வந்தன. அத்தானிடம் சொல்லி ஏழெட்டுப் படங்களைத் திரும்ப அனுப்பச் சொன்னோம்.

பாதித் திரை கறுப்பாகக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மொத்தம் 60 படங்களை எண்ணிப் பார்த்தேன், 41 நிமிர்ந்தவை. ஃபிரேமையே நிமிர்த்தி வைத்தால் நின்ற படம் திரையில் ஆறில் ஐந்து பங்கை அடைக்கும். ஆனால் கேபிள் சொருகும் துளை அப்போது அடியில் வந்து அலமாரியில் முட்டியது. உங்கள் வீட்டில் முட்டாவிட்டால், நிமிர்ந்த படங்கள் அதிகமிருந்தால், அதைவிடச் சுலபமான வழி கிடையாது. எங்களுக்கு மிஞ்சியது இரண்டிரண்டாகச் சேர்ப்பது. 600 அகலமுள்ள இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 1200, திரை 1280. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. கூகுள் நெஸ்ட் ஹப் போன்ற ஸ்மார்ட் டிஸ்பிளேக்கள் நிமிர்ந்த படங்களைத் தாமாகவே இப்படி ஜோடி சேர்த்துக் காட்டும். அத்தையின் ஃபிரேமுக்கு அந்த அறிவு இல்லாததால், போனில் கொலாஜ் செய்யும் வசதியில் சிலதை நானே சேர்த்தேன். மாமா பக்கத்தில் கல்யாணப் புடவையில் அத்தை.

இரவு வெளிச்சம் கடைசி. இந்த ஃபிரேம்கள் பெரும்பாலும் எல்சிடி. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு முழுப் பரப்புக்கும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு என்பது அந்த விளக்கைத் தடுக்கும் முயற்சிதான். அதனால் இருட்டில் பார்த்தால் அந்தக் கறுப்புப் பட்டைகள் சாம்பலாக ஒளிரும். பட்டை வெளிறித் தெரிந்தால் வெளிச்சம் கூடுதல் என்று அர்த்தம். சரியான அளவுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஃபிரேமை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, திரையில் வேட்டியோ சுவரோ வெள்ளையாக வரும் படத்தை நிறுத்திப் பாருங்கள். திரையின் வெள்ளை தாளின் வெள்ளையைவிடப் பளீரென்று இருந்தால் குறைக்க வேண்டும். தாள் அளவுக்கு வரும்போது படம் அச்சடித்த போட்டோபோல் அமைதியாகிவிடும். முழு வெளிச்சத்தில் இருந்ததை, டியூப்லைட் எரியும் மாலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினேன். ஜன்னல் வெயில் வரும் காலையில் அது சற்று மங்கல்தான். நேரத்துக்கு ஒரு வெளிச்சம் வைக்க வசதியில்லாத ஃபிரேமில் மாலை அளவே கண்ணுக்கு நல்லது; பகலில் படம் மங்கினால் யாருக்கும் தூக்கம் கெடாது.

வெளிச்ச உணரி உள்ள ஸ்மார்ட் டிஸ்பிளேயில் இந்த வேலை இல்லை, அறை இருண்டதும் திரையே தணியும். ஆனால் உணரி விளிம்பில் ஒரு புள்ளிபோல் இருக்கும். அதன் மேல் பூச்சரம் தொங்கினால் பட்டப்பகலிலும் இருட்டென்று நினைத்துக்கொள்ளும். நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் ராத்திரியும் மங்காது.

காலை 6 மணிக்கு எரிந்து இரவு 9:30க்கு அணையும்படி வைத்தோம். அத்தையின் சீரியல் அப்போதுதான் முடிகிறது.

புறப்படும்போது அந்த எண் எழுதிய தாளின் படத்தை அழிக்கப் போனேன். அத்தை தடுத்துவிட்டாள். கல்யாணப் படத்துக்கும் பேரன் பேத்திக்கும் நடுவே 1, 2, 3, 4 இன்னும் வந்துபோகிறது. போன வாரம் போனில் பேசும்போது, "நாலும் வருதுல, மாமா நல்லா இருக்காவ" என்றாள்.