மீன் எண்ணெய் மாத்திரையும் அறுவை சிகிச்சையும்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், என்னென்ன மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் நோயாளியின் கைக்கு வரும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் ஆகியவற்றோடு மீன் எண்ணெய் மாத்திரையும் பல பட்டியல்களில் இடம்பெறுகிறது. அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், அதனால் அறுவையின்போது ரத்தப்போக்கு கூடும் என்பதே சொல்லப்படும் காரணம். இதில் பாதி உண்மை. உறைதலின் முதல் கட்டத்தை மீன் எண்ணெய் சற்று மட்டுப்படுத்துவது நிஜம். ஆனால் வழக்கமான அளவில் சாப்பிடுபவருக்கு அறுவை மேசையில் அதனால் ரத்தம் கூடுதலாகப் போகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஒருவருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது அவர் உட்கொள்ளும் அளவைப் பொறுத்தது. அந்த அளவைத்தான் பெரும்பாலோர் தவறாகச் சொல்கிறார்கள்.

மீன் எண்ணெயில் மருத்துவப் பயன் உள்ளவை இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். மீதி மற்ற கொழுப்புகள். பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் 1000 மி.கி. என்பது மாத்திரைக்குள் உள்ள மொத்த எண்ணெயின் எடை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் சாதாரண ரகத்தில் அந்த 1000 மி.கி. எண்ணெயில் இபிஏ 180 மி.கி., டிஎச்ஏ 120 மி.கி., ஆக மொத்தம் 300 மி.கி.தான் இருக்கும். டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் செறிவூட்டப்பட்ட ரகத்தில், அதே 1000 மி.கி. மாத்திரைக்குள் இவ்விரண்டும் சேர்ந்து சுமார் 840 மி.கி. இருக்கும். எடை ஒன்றுதான், மருந்தின் அளவோ ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் 60 வயதுக்காரர் ஒருவர், தினமும் 3000 மி.கி. மீன் எண்ணெய் சாப்பிடுவதாக மருத்துவரிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்குவது சாதாரண ரகம் என்றால், மூன்று மாத்திரைகளிலும் சேர்த்து இபிஏ 540 மி.கி., டிஎச்ஏ 360 மி.கி., மொத்தம் 900 மி.கி. ஒரு கிராம்கூட இல்லை. அவர் சாப்பிடுவது செறிவூட்டப்பட்ட ரகம் என்றால், அதே மூன்று மாத்திரைகள் 2,500 மி.கி.க்கு மேல் தரும். பாட்டிலின் பின்பக்கத்தில் உள்ள சத்துப் பட்டியலைப் படித்தால் மட்டுமே இந்த வித்தியாசம் தெரியும். அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை என்று வைத்து அளவை அச்சிடுகின்றன. அதை ஒரு மாத்திரைக்கு உரியதாக எடுத்துக்கொண்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

இவ்விரு அமிலங்களும் ரத்தத்தில் செய்வது என்ன? உடலில் காயம் பட்டதும் முதலில் ஓடிவந்து அடைப்பவை தட்டணுக்கள். அவை தங்கள் சவ்வில் உள்ள அராகிடோனிக் அமிலத்தைத் திராம்பாக்சேன் ஏ2 என்ற பொருளாக மாற்றி வெளியிடுகின்றன. மற்றத் தட்டணுக்களை அழைத்து ஒட்டவைப்பது அந்தப் பொருள்தான். மீன் எண்ணெய் தொடர்ந்து சாப்பிடுபவரின் தட்டணுச் சவ்வில் அராகிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஒரு பகுதியை இபிஏ பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து உண்டாகும் திராம்பாக்சேன் ஏ3க்கு ஒட்டவைக்கும் வலிமை மிகக் குறைவு. ஆஸ்பிரின் இதே பாதையை முழுவதுமாக அடைத்துவிடும். மீன் எண்ணெய் அதன் வேகத்தை மட்டும் குறைக்கிறது.

இந்த அச்சத்தின் வேர் கிரீன்லாந்தில் இருக்கிறது. கடல்மீன், கடல்நாய் இறைச்சி ஆகியவற்றையே பிரதான உணவாகக் கொண்ட இன்யூட் மக்களை டென்மார்க் ஆய்வாளர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் ஆராய்ந்தனர். சிறு கீறலிலிருந்து வரும் ரத்தம் நிற்க டேனிஷ் மக்களுக்கு 5 நிமிடம் ஆனால், இன்யூட் மக்களுக்குச் சுமார் 8 நிமிடம் ஆனதாக 1979இல் அவர்கள் எழுதினர். எண்ணெயை நிறுத்தச் சொல்லும் வழக்கம் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளை ஒட்டி வளர்ந்தது. தோலில் போட்ட கீறலில் தெரியும் தாமதம், பெரிய அறுவையில் இழக்கும் ரத்தத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாது என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

நேரடியாகச் சோதித்துப் பார்த்தது ஓப்பரா என்ற ஆய்வு. அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் இதய அறுவைக்குச் சென்ற 1,516 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு அறுவைக்கு முந்தைய சில நாட்களில் மொத்தம் 8 முதல் 10 கிராம் செறிவூட்டப்பட்ட மீன் எண்ணெயும், பிறகு தினம் 2 கிராமும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ரத்தப்போக்கு அதிகமாகக் கூடிய அறுவைகளில் இதய அறுவையும் ஒன்று. அப்படியிருந்தும் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு ரத்தப்போக்கு கூடவில்லை. ஏற்ற வேண்டிவந்த ரத்த யூனிட்டுகளின் எண்ணிக்கை அவர்களுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2018இல் இதை வெளியிட்டவர்கள், அறுவைக்கு முன் மீன் எண்ணெயை நிறுத்தச் சொல்லும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றனர்.

அதற்காக எந்த அளவும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. தூய இபிஏவை மட்டும் தினம் 4 கிராம் கொடுத்துச் சுமார் ஐந்தாண்டுகள் கண்காணித்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், கடுமையான ரத்தப்போக்கு மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 27 பேருக்கும், சாப்பிடாதவர்களில் ஆயிரத்துக்கு 21 பேருக்கும் ஏற்பட்டது. வித்தியாசம் சிறியது, ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. இதே அளவில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் பிரச்சினையும் கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து தினம் 5 கிராம் வரை மாத்திரையாக எடுத்தாலும் பெரியவர்களுக்கு ரத்தப்போக்கு அபாயம் கூடுவதில்லை என்று முடிவு செய்தது. மேலே சொன்ன மூட்டு நோயாளியின் 900 மி.கி. இதில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

ஆகவே கவனம் தேவைப்படுவது சில நிலைமைகளில்தான். தினம் 3, 4 கிராம் இபிஏ அல்லது இரண்டும் சேர்ந்து எடுப்பவர்கள், அதோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவையும் சாப்பிடுபவர்கள், தட்டணுக் குறைபாடோ உறைதல் நோயோ உள்ளவர்கள், மூளை அல்லது தண்டுவட அறுவைபோலச் சிறு கசிவும் பெருந்தீங்கு செய்யும் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஆகியோர் விஷயத்தில் மருத்துவர் மீன் எண்ணெயை நிறுத்தச் சொல்லலாம். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். பழையவை போய்ப் புதியவை வர அவ்வளவு காலம் ஆகும் என்பதால், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு முன் நிறுத்தும்படி சொல்வது வழக்கம். கடையில் வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரையைச் சில நாள் விடுவதால் தீங்கு நேராது. மருத்துவர் எழுதித் தந்த செறிவூட்டப்பட்ட ரகத்தை எழுதியவரிடம் கேட்ட பிறகே விட வேண்டும். பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஆஸ்பிரினையும் சேர்த்துத் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்தானது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிட வழிவகுக்கலாம்.

எண்ணெயை நிறுத்த மறந்தவர்கள் அறுவை தள்ளிப்போகுமோ என்று பயந்து அதை மறைப்பதும் உண்டு. அவசர அறுவையை இதற்காகத் தள்ளிவைக்கத் தேவையில்லை. மறைக்கவும் கூடாது. மயக்க மருந்து நிபுணரைப் பார்க்கப் போகும்போது பாட்டிலையே கையோடு எடுத்துப் போவது நல்லது. கடைசியாகச் சாப்பிட்ட நாள், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, ஒரு மாத்திரையில் இபிஏ எவ்வளவு, டிஎச்ஏ எவ்வளவு, கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் எவை என்ற விவரங்கள் கிடைத்தால், நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.