இரண்டாவது டிக் எங்கே நின்றது?

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு, அத்தை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ரயில் நின்றுவிட்டது. "ரயில் ரொம்ப லேட் அத்தை. எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டுக்குங்க" என்று 7.40 மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரையும் போடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அவருடைய போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வீட்டில் வைஃபை நன்றாக வேலை செய்தது, சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது, சத்தமும் முழுதாக வைக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப்பைத் தொட்டுத் திறந்த அந்த நொடியில்தான் அடுத்தடுத்து ஐந்து செய்திகள் வந்து விழுந்தன. அவற்றில் என்னுடையதும் ஒன்று. என் போனில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, Info என்பதைத் தொட்டுப் பார்த்தேன். Delivered என்ற இடத்தில் 11.06 என்று இருந்தது. மூன்றரை மணி நேரம் அந்தச் செய்தி எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அந்த டிக்தான். ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி அனுப்பியவர் கையைவிட்டுக் கிளம்பி, செயலி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது டிக் விழுந்தால்தான் அது பெறுபவரின் போனுக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டாவது டிக் உடனே விழுந்தும் சத்தம் வரவில்லையென்றால், கோளாறு சத்தம், Do Not Disturb, நோட்டிஃபிகேஷன் அனுமதி ஆகிய இடங்களில் இருக்கிறது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெட் இருந்தும் இரண்டாவது டிக் மணிக்கணக்கில் விழாமல், போனை எடுத்துச் செயலியைத் திறந்ததும் விழுகிறதென்றால், போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது.

ஏன் தூங்க வைக்க வேண்டும்? போனில் மின்சாரத்தை அதிகம் குடிப்பவற்றில் ஒன்று, டவரோடு பேசும் ரேடியோ. ஒரு சின்னத் தகவலை அனுப்பி முடித்த பிறகும் அது சட்டென்று ஓய்ந்துவிடாது; அடுத்து ஏதாவது வருமோ என்று சில நொடிகள் விழித்தே இருக்கும். இருபது செயலிகள் ஆளுக்கு ஒரு நேரத்தில் "எனக்கு ஏதாவது வந்ததா?" என்று சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் ரேடியோ கண்ணை மூடவே முடியாது. மேசையில் சும்மா கிடந்த போன் காலையில் பாதி சார்ஜை இழந்திருந்ததை அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக விழித்திருக்க வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு இணைப்பு விழித்திருந்தால் போதும். அடுக்குமாடி வீட்டின் வாட்ச்மேன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வாட்ச்மேன் வேலையைச் செய்வது கூகுள் பிளே சர்வீசஸ். நான் அனுப்பிய செய்தி செயலியின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர், ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் என்ற கூகுளின் சேவைக்குத் தகவல் சொல்கிறது. அங்கிருந்து பொது இணைப்பு வழியாக அத்தையின் போனுக்கு ஒரு தட்டல் வருகிறது. வாட்ச்மேன் அந்தச் செயலியின் கதவைத் தட்டி எழுப்ப, அது எழுந்து தன் சர்வரிடமிருந்து செய்தியை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது டிக் விழுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இதற்கு ஓரிரு நொடிகள்தான்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் 'டோஸ்' என்ற தூக்கம் சேர்க்கப்பட்டது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் போன் இந்தத் தூக்கத்துக்குள் போகும். அப்போது செயலிகளுக்கு நெட் கிடையாது. இடையிடையே சிறிது நேரம் மட்டும் கதவைத் திறந்துவிடும். அந்த நேரத்தில் எல்லாச் செயலிகளும் தங்கள் பாக்கி வேலையை முடித்துக்கொள்ளலாம். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஆண்ட்ராய்டின் அடிப்படை அமைப்பில் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, நான்கு, உச்சமாக ஆறு. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 7இல், சட்டைப்பையில் அசைந்துகொண்டிருக்கும் போனுக்கும் இதன் லேசான வடிவம் ஒன்று வந்தது.

ஆனால் டோஸைக் குற்றம் சொல்ல முடியாது. ஃபயர்பேஸ் வழியாக வரும் தட்டல்களில் இரண்டு ரகம் உண்டு: சாதாரணம், அவசரம். தள்ளுபடி விளம்பரம் போன்றவை சாதாரண ரகத்தில் வந்தால் அடுத்த கதவுத் திறப்பு வரை காத்திருக்கும். அவசரம் என்று குறித்து அனுப்பியது டோஸிலும் போனை எழுப்பிவிடும். ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளைச் செய்திச் செயலிகள் வழக்கமாக அவசர ரகத்தில்தான் அனுப்புகின்றன. ஆகவே டோஸ் மட்டும் இருந்திருந்தால் என் செய்தி 7.40க்கே போயிருக்க வேண்டும்.

சிக்கல் அதற்கு மேல் இருக்கும் இன்னொரு அடுக்கில் வருகிறது. "இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்" என்று சொல்லி விற்க வேண்டிய போன் தயாரிப்பாளர்கள் பலர், கூகுள் வைத்த விதிகள் போதாதென்று தங்கள் சொந்த பேட்டரி மேலாண்மையையும் சேர்க்கிறார்கள். அது செயலியைத் தூங்க வைப்பதோடு நிற்காமல், சில போன்களில் முழுதாக நிறுத்தியே விடுகிறது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இப்படி வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால், உரிமையாளர் தானே அதைத் தொட்டுத் திறக்கும் வரை எந்தத் தட்டலும் உள்ளே போகாது. வீட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்ட பிறகு வாட்ச்மேன் எத்தனை முறை தட்டினால் என்ன? உறக்கத்தை அளக்கும் செயலி ஒன்றை உருவாக்கிய செக் நாட்டுக்காரர் பெட்ர் நலெவ்கா, எந்தத் தயாரிப்பாளர் எவ்வளவு கடுமையாக இதைச் செய்கிறார், எங்கே போய் அணைக்க வேண்டும் என்பதை dontkillmyapp.com என்ற தளத்தில் நிறுவன வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார். தன் போனின் பெயரை அங்கே தேடிப் பார்ப்பது நல்லது.

மறுநாள் காலையில் அத்தையின் போனை வைத்து வரிசையாகச் சோதித்தேன். திரை எரியும்போது அனுப்பினேன். உடனே இரண்டு டிக். திரையை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து அனுப்பினேன், அதுவும் உடனே. பிறகு ஃபிரிட்ஜ் மேலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தும் அசையவில்லை.

அந்த நேரத்திலேயே சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று அனுப்பினேன். போன் "டிங்" என்றது. எஸ்எம்எஸ் நெட் வழியாக வருவதில்லை, அதனால் அது வந்ததில் வியப்பில்லை. வங்கி ஓடிபி எப்போதும் சரியாக வருகிறதே என்று அத்தை குழம்பியதற்கும் இதுதான் பதில். அடுத்து ஜிமெயிலுக்கு ஒரு மின்னஞ்சல். அதுவும் நொடிகளில் வந்தது. இது முக்கியமான தடயம். ஜிமெயில் வருகிறதென்றால் பொது இணைப்பு உயிரோடு இருக்கிறது, வாட்ச்மேன் விழித்திருக்கிறார். ஒரே ஒரு வீடு மட்டும் பூட்டியிருக்கிறது. எல்லாச் செயலிகளும் ஒன்றாகத் தாமதித்திருந்தால் வைஃபையையோ டேட்டா சேவரையோ சந்தேகித்திருப்பேன்.

போனை எடுத்துப் பூட்டை மட்டும் திறந்தேன். அப்போதும் வாட்ஸ்அப் செய்தி வரவில்லை. செயலியைத் தொட்ட பிறகுதான் வந்தது. வெறும் தூக்கமாக இருந்தால் திரை எரிந்ததுமே வந்திருக்கும். ஆகவே அது நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. கடைசியாக சார்ஜரில் செருகி ஒரு மணி நேரம் விட்டு அனுப்பினேன். உடனே வந்தது. பேட்டரியில் ஓடும்போது மட்டும் நிறுத்துகிறது என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

சரிசெய்ய இரண்டு இடங்கள். Settings, அதில் Apps, அதில் WhatsApp, அதில் Battery. ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு வந்த போன்கள் பலவற்றில் இங்கே Unrestricted, Optimized, Restricted என்று மூன்று தெரியும். அத்தையின் போனில் Optimized இருந்தது. Unrestricted ஆக மாற்றினேன். இது மட்டும் போதவில்லை. மறுபடி ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது அதே ஒற்றை டிக். தயாரிப்பாளரின் பேட்டரிப் பகுதியில் Autostart என்று தனியாக ஒரு பட்டியல் இருந்தது. அதில் வாட்ஸ்அப் அணைந்திருந்தது. அதை இயக்கிய பிறகு, ஒன்றரை மணி நேரம் கிடந்த போனிலும் மூன்று நொடியில் இரண்டாவது டிக் விழுந்தது. சாம்சங் போன்களில் இதே விஷயம் Sleeping apps, Deep sleeping apps என்ற பட்டியல்களில் இருக்கும்; அங்கிருந்து செயலியை எடுத்துவிட வேண்டும்.

அத்தை போன்றவர்களை இது அதிகம் தாக்குகிறது என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்தச் செயலியை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறோம் என்று பார்த்து போன் அவற்றைத் தரம் பிரிக்கிறது. அரிதாகத் திறப்பவற்றுக்குக் கட்டுப்பாடு கூடும். தயாரிப்பாளர்களின் அடுக்கும் இதையே இன்னும் கடுமையாகச் செய்வதுண்டு. நாள் முழுதும் போனை நோண்டுபவருக்கு எல்லாம் உடனுக்குடன் வரும். சத்தம் கேட்டால் மட்டும் போனை எடுக்கும் வயதானவர் செயலியைத் தானாகத் திறப்பதில்லை. அதைப் பயன்படுத்தாத செயலி என்று போன் எடுத்துக்கொள்கிறது. சத்தம் நிற்கிறது. சத்தம் வராததால் அவர் இன்னும் குறைவாகத் திறக்கிறார். திறந்திருப்பதையெல்லாம் Clear all போட்டுத் தள்ளிவிட்டால் சார்ஜ் நிற்கும் என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்னும் மோசம். சில தயாரிப்பாளர்களின் போன்களில் அப்படித் தள்ளிவிடுவதே செயலியை நிறுத்திவிடுகிறது.

"இப்படி வெச்சா சார்ஜ் சீக்கிரம் இறங்கிடாதா?" என்று அத்தை கேட்டார். ஒரு செய்திச் செயலிக்கு மட்டும் இந்த விலக்கைக் கொடுத்தால் கவலைப்பட வேண்டியதில்லை. தட்டலுக்காகக் காத்திருப்பது அது அல்ல, பொது இணைப்புதான். தட்டும்போது எழுந்து வேலையை முடித்துவிட்டுப் படுத்துவிடும். கடைச் செயலி, விளையாட்டு, செய்தித்தாள் என்று முப்பதுக்கும் கொடுத்தால்தான் பழைய கதை திரும்பும். அவர் போனில் வாட்ஸ்அப்புக்கு மட்டுமே கொடுத்தேன்.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் என் செய்தி மறுபடி ஒற்றை டிக்கோடு நின்றது. போன் செய்து கேட்டேன். முந்தின இரவு போன் தானாக ஏதோ அப்டேட் ஆகி அணைந்து எரிந்ததாம். Autostart பட்டியலைத் திறக்கச் சொன்னேன்.

"ஆமாப்பா, இது மறுபடியும் அணைஞ்சிருக்கு" என்றார். அவரே தொட்டு இயக்கினார். போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து நான் அனுப்பிய செய்திக்கு இரண்டாவது டிக் விழுந்தது.