மாத்திரை தொடங்கிய முதல் நான்கு வாரம்

மனச்சோர்வால் வாடும் பதின்வயதுப் பிள்ளைக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்ததும், "எத்தனை நாளில் சரியாகும்?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். பலன் முழுதாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆனால் பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நல்லது மெதுவாகவும் தொல்லை வேகமாகவும் வரும் இந்த இடைவெளியில்தான் வீட்டாரின் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

இந்த வயதினரின் மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது ஃப்ளூயாக்செடின். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு இதைத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-இல் ஒப்புதல் அளித்தது. செர்ட்ராலினுக்குச் சிறாரிடம் அங்கே கிடைத்த ஒப்புதல், எண்ணச் சுழற்சி நோய்க்கு மட்டுமே. இருந்தும், ஃப்ளூயாக்செடின் ஒத்துக்கொள்ளாதபோது மனச்சோர்வுக்கும் அதை மருத்துவர்கள் தருவதுண்டு.

ஃப்ளூயாக்செடின் வழக்கமாகத் தினம் 10 மில்லிகிராமில் தொடங்கும். தூக்கம் கெடக்கூடும் என்பதால் காலையில் தருவார்கள். ஒரு வாரம் தாங்கினால் 20 மில்லிகிராம். பலருக்கு அதுவே போதும். செர்ட்ராலின் என்றால் 25-இல் தொடங்கி, ஒரு வாரத்துக்குப் பிறகு 50. அதற்குமேல் உயர்த்துவதைப் பல வாரம் பொறுத்தே முடிவு செய்வார்கள்.

இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃப்ளூயாக்செடின் உடலைவிட்டு மிக மெதுவாக வெளியேறும். இன்று விழுங்கிய மாத்திரையின் பெரும்பகுதி உள்ளே இருக்கும்போதே நாளைய மாத்திரை சேர்கிறது. ஒரே டோஸைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் இரத்தத்தில் அதன் அளவு நிலைபெற நான்கைந்து வாரம் ஆகும். "இரண்டு வாரமாகியும் பலனில்லையே" என்று அவசரப்பட்டு டோஸைக் கூட்டினால், பழைய டோஸின் முழு வேகமும் வெளிப்படுமுன்பே புதியதும் அதன்மேல் ஏறிவிடும்.

உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். முதல் வாரம் 10 மில்லிகிராம். கொஞ்சம் குமட்டல், தலைவலி; இரண்டும் அடங்கிவிட்டன. எட்டாம் நாள் 20 ஆகிறது. நான்கு நாள் கழித்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாலும் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் நடக்கிறாள். தம்பி ஏதோ கேட்டதற்குக் கத்துகிறாள். "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதும்மா" என்கிறாள். அப்பாவுக்கு இது பரீட்சை பயமாகப் படுகிறது. அம்மாவோ நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுகிறார்.

இரண்டும் இல்லை, இது மருந்தே உண்டாக்கிய கிளர்ச்சி. டோஸ் ஏறிய சில நாளில் தொடங்கியது என்பதே முக்கியத் தடயம். அன்றே மருத்துவரிடம் சொன்னால் அவர் மீண்டும் 10-க்கு இறக்கக்கூடும். மருந்து மெதுவாகவே வெளியேறும் என்பதால் படபடப்பு தணியச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை பிடிக்கலாம். அதுவரை அவளைத் தனியே விடாமல், ஒரு வாரத்துக்குள் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை 'அடம்' என்று திட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு நிலை வேறு மாதிரி இருக்கும். பிள்ளை மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, பெரிய திட்டங்கள் போட்டு, பணத்தை வாரி இறைத்தால், அது இருமுனை நோய் தலைகாட்டுவதாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், மாத்திரை தொடங்குமுன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது தற்கொலை எண்ணம். சிறாரிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இருவருக்கும், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு நால்வருக்கும் அத்தகைய எண்ணமோ செயலோ தெரிந்தது. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் 2004-இல் அமெரிக்காவில் இம்மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சிகிச்சையே தராத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும் என்பதால், மருந்தைத் தவிர்ப்பது இதற்குத் தீர்வாகாது. முதல் நான்கு வாரம் வாரத்துக்கொரு முறையும், டோஸ் மாறும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் பிள்ளையைப் பார்ப்பதே சரியான ஏற்பாடு.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. மாத்திரை அட்டை பெரியவர்களின் பூட்டில் இருக்கட்டும். மருந்தைத் திடீரென நீங்களாக நிறுத்தாதீர்கள். செர்ட்ராலினைச் சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். சாகப்போவதாகச் சொன்னாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் 14416 எண்ணில், இரவிலும் தமிழில் பேசலாம்.