நின்றுபோன ஆய்வேட்டை நகர்த்தும் நேரம்

முனைவர் பட்ட ஆய்வேடு பல மாதங்கள் நின்றுபோனால், "மனநிலை வரட்டும், எழுதலாம்" என்று காத்திருப்பவர்களே அதிகம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் இதைச் சோதித்து, 1983-ல் முடிவுகளை வெளியிட்டார்.

எழுத்து தேங்கிய பேராசிரியர்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழு அவசியமின்றி எழுதக் கூடாது. இரண்டாவது, தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது, குறித்த நேரத்தில் கட்டாயம் எழுத வேண்டும். மூன்றாவது குழுவே மிக அதிகப் பக்கங்களை எழுதியது. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

நடைமுறையில், காலை ஆறரை முதல் ஏழேகால் வரை எழுத்து நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கு 150 சொற்கள். "இரண்டாம் இயலை முடிப்பது" இலக்காகாது. "அட்டவணை 3 காட்டும் வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்குவது" இலக்காகும். எழுந்திருக்கும் முன், மறுநாள் தொடங்க வேண்டிய வாக்கியத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

அந்த நேரத்தைக் கட்டுரை வாசிப்பும் அடிக்குறிப்புத் திருத்தமும் விழுங்கிவிடும். மேசையில் உட்கார்ந்தும் சொல் எண்ணிக்கை ஏறவில்லையென்றால் இதுவே காரணம். அவற்றை மாலைக்குத் தள்ளலாம்.

தரவே போதாமல் எழுத்து நின்றிருந்தால் இம்முறை உதவாது. அப்போது நெறியாளரைத்தான் பார்க்க வேண்டும்.